ஓட்டிய கிலோமீட்டரும் ஒப்புக்கொண்ட கிலோமீட்டரும்

கேள்வி: பெங்களூரில் மருந்து கம்பெனி ஒன்றில் ரெப்பாகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. உண்மையாகவே ஓட்டிய கிலோமீட்டரைத்தான் எழுதுகிறேன், ஆனாலும் ஒவ்வொரு மாதமும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் வெட்டிவிடுகிறார்கள். கிலோமீட்டர் படியும் தினப்படியும் எந்தக் கணக்கில் பாஸ் ஆகின்றன?

பதில்:

பதினொரு ஆண்டுகள் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு பையைத் தூக்கினேன். அதன்பின் ஆறு ஆண்டுகள் ஏரியா மேனேஜராக என் குழுவினரின் செலவுப் படிவங்களைச் சரிபார்த்து அனுப்பினேன். மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வண்டியின் மீட்டர் காட்டும் தூரத்துக்குப் பெரும்பாலான கம்பெனிகள் பணம் தருவதில்லை. எந்த நாள் எந்த ஊர் என்று முன்கூட்டி ஒப்புதல் பெற்ற டூர் புரோகிராம், யாரைச் சந்தித்தீர்கள் என்று அன்றாடம் நீங்கள் அனுப்பும் டெய்லி கால் ரிப்போர்ட், ஊருக்கு ஊர் தூரம் எழுதிய ஃபேர் சார்ட் ஆகிய மூன்றும் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றனவோ அந்த அளவுக்குத்தான் பணம் வரும். ஆகவே நீங்கள் நேர்மையாக எழுதியும் வெட்டு விழுவதில் வியப்பில்லை. கணக்குப் பிரிவில் இருப்பவர் உங்கள் நேர்மையைச் சோதிப்பதில்லை. மூன்று தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

தினப்படி எந்த ஊரில் வேலை செய்தீர்கள், இரவு எங்கே தங்கினீர்கள் என்பதைப் பொறுத்து மூன்று வகையாகும். பெங்களூருக்குள்ளேயே வேலை பார்த்தால் தலைமையிடப் படி; வெளியூர் போய் அன்றே திரும்பினால் எக்ஸ்-ஸ்டேஷன் படி; வெளியூரில் இரவு தங்கினால் அவுட்-ஸ்டேஷன் படி. தலைமையிடப் படி பெறும் நாளில் பல கம்பெனிகள் கிலோமீட்டர் தருவதில்லை, ஏனென்றால் ஊருக்குள் சுற்றும் பெட்ரோல் செலவும் அந்தப் படிக்குள் அடங்கிவிட்டதாக அவர்கள் கணக்கு வைக்கிறார்கள். எந்த ஊர் எந்த வகை என்பதும் ஃபேர் சார்ட்டிலேயே எழுதியிருக்கும். நமக்குத் தூரமாகத் தோன்றுகிறது என்பதால் ஓர் ஊர் எக்ஸ்-ஸ்டேஷன் ஆகிவிடாது.

சேர்ந்த புதிதில் எனக்கு இதே போல் வெட்டு விழுந்த ஒரு வாரத்தின் நகல் இன்றும் என்னிடம் இருக்கிறது. புரிவதற்காக விகிதங்களை மட்டும் மாற்றிச் சொல்கிறேன்: கிலோமீட்டருக்கு 4 ரூபாய், தலைமையிடப் படி 250, எக்ஸ்-ஸ்டேஷன் 350, அவுட்-ஸ்டேஷன் 900 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை ஊருக்குள் வேலை. 250 கேட்டேன், 250 வந்தது. செவ்வாய்க்கிழமை ஓசூர். சார்ட்டில் ஒரு வழித் தூரம் 40 கிலோமீட்டர். ஆனால் ஓசூருக்குள் மருத்துவமனை, மருந்துக் கடை, மொத்த விற்பனையாளரான ஸ்டாக்கிஸ்ட் என்று சுற்றியதில் மீட்டர் 104 காட்டியது. அதையே எழுதி 416 ரூபாயும் படி 350 ரூபாயுமாக 766 கேட்டேன். போக வர 80 கிலோமீட்டருக்கு 320, படி 350, ஆக 670 பாஸானது. புதன்கிழமை கோலார் வழியாகக் கோலார் தங்கவயல் போய் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு லாட்ஜில் தங்கினேன். அன்று இரவு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, பாக்கெட் டைரியில் மீட்டர் எண்ணை எழுதி அதன் கீழே இரண்டு கோடு போட்டது நினைவிருக்கிறது; அந்த எண்ணை யாரும் பார்க்கப் போவதில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. மீட்டர்படி 118 கிலோமீட்டர். சார்ட்டில் பெங்களூர் முதல் கோலார் 70, கோலார் முதல் தங்கவயல் 30, ஆக 100. நான் கேட்டது 1,372, வந்தது 1,300.

வியாழக்கிழமைதான் பெரிய வெட்டு. காலையில் தங்கவயலில் வேலையை முடித்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பினேன். நாள் முழுவதும் வெளியூரில்தானே இருந்தோம் என்று அவுட்-ஸ்டேஷன் படியாக 900 ரூபாயும், மீட்டர்படி 112 கிலோமீட்டருக்கு 448 ரூபாயும் சேர்த்து 1,348 கேட்டேன். தங்கும் இரவுகளைத்தான் எண்ணுவார்கள் என்பது அந்தக் கம்பெனியின் விதி. திரும்பும் நாள் எக்ஸ்-ஸ்டேஷனாகத்தான் கணக்காகும். ஆகவே 400 ரூபாயும் 350 ரூபாயுமாக 750 மட்டும் பாஸானது. வெள்ளிக்கிழமை டூர் புரோகிராமில் உள்ளூர் வேலை. அன்று காலை ஓசூர் ஸ்டாக்கிஸ்ட் அழைத்து, காலாவதியாகப் போகும் சரக்கை உடனே வந்து பார்க்கச் சொன்னதால் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டேன். 670 கேட்டேன், புரோகிராமில் இருந்தபடி 250 தந்தார்கள். ஆக ஐந்து நாளுக்கு 4,406 கேட்டு 3,220 வாங்கினேன். வெட்டு 1,186 ரூபாய்.

இந்த 1,186 ரூபாயைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். மீட்டருக்கும் சார்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் செவ்வாயும் புதனும் போனது வெறும் 168 ரூபாய். திரும்பும் நாளுக்கு 598, அதில் 550 படியின் வித்தியாசம். சொல்லாமல் மாற்றிய நாளுக்கு 420. நீங்கள் கிலோமீட்டரைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் ஆயிரம் ரூபாயிலும் பெரும்பகுதி படியின் வகையிலும் அனுமதி பெறாத மாற்றத்திலும்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன். பாஸான படிவத்தைப் பதிவிறக்கி, நாள் வாரியாகக் கேட்டதையும் வந்ததையும் அருகருகே எழுதிப் பாருங்கள். வித்தியாசம் சிறிதாகப் பல நாட்களில் இருந்தால் அது தூரம். ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் இருந்தால் அது படியின் வகை அல்லது புரோகிராம் மாற்றம்.

திரும்பும் நாள் விதி எல்லாக் கம்பெனியிலும் ஒன்றல்ல. சில இடங்களில் முழு அவுட்-ஸ்டேஷன் படியே தருகிறார்கள். ஆகவே உங்கள் மேனேஜரிடம் வாய்மொழியாகக் கேட்பதோடு நிற்காமல், செலவு விதிகள் அடங்கிய சுற்றறிக்கையைக் கேட்டு வாங்கி அந்த வரியைப் படித்துவிடுங்கள். புரோகிராம் மாற்றத்துக்கு வழி எளிது: கிளம்புவதற்கு முன்பே மேனேஜருக்கு எழுத்தில் காரணத்தைச் சொல்லி, அவர் கம்பெனியின் செயலியில் மாற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு புறப்பட வேண்டும். நான் மேனேஜரான பிறகு மாலை ஆறு மணிக்கு மேல் வந்த மாற்றங்களை ஒப்புக்கொள்ள முடியாமல் தவித்திருக்கிறேன். அந்த நேரத்தில் ரிப்போர்ட் ஏற்கெனவே பதிவாகியிருக்கும், செயலி அனுமதிக்காது. வெள்ளிக்கிழமை நான் செய்த வேலை கம்பெனிக்கு நன்மையானதுதான். ஆனால் ஒப்புதல் இல்லாத பயணத்துக்குப் பணம் கொடுத்துவிட்டால் நாளை தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் மேனேஜர்.

தூரத்தில் உங்களுக்கு உண்மையான நியாயம் ஒன்று இருக்கக்கூடும், அதை விட்டுவிடாதீர்கள். பெங்களூர் மிகப் பரந்த ஊர். பல சார்ட்டுகளில் தொடக்கப் புள்ளி மெஜஸ்டிக் பேருந்து நிலையமாக இருக்கும். நீங்கள் எலகங்காவில் குடியிருந்து ஓசூர் போகிறீர்கள் என்றால் ஊரின் வடகோடியிலிருந்து தென்கோடி வரை கடந்துதான் போக வேண்டும். மெஜஸ்டிக் கணக்கில் 40 கிலோமீட்டர் என்பது உங்களுக்கு ஏறத்தாழ 55 ஆகிவிடும். போக வர 30 கிலோமீட்டர், 4 ரூபாய் வீதம் ஒரு தடவைக்கு 120 ரூபாய். மாதம் நான்கு தடவை போனால் 480. இதை மாதாமாதம் படிவத்தில் கூட்டி எழுதினால் ஒவ்வொரு முறையும் வெட்டுவார்கள். சார்ட்டையே திருத்தச் சொல்லி, உங்கள் இருப்பிடத்தையும் வரைபடத்தில் காட்டும் தூரத்தையும் இணைத்து மேனேஜர் மூலம் எழுதிக் கேட்க வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் முடிவு. தலைமையிடத்துக்குள் எங்கே குடியிருப்பது என்பது உங்கள் விருப்பம் என்று சில கம்பெனிகள் சொல்லிவிடும். ஏற்றுக்கொண்டால் திருத்திய தேதியிலிருந்துதான் பணம் வரும், போன மாதங்களுக்குப் பொதுவாக வராது. அதனால்தான் மூன்று மாதம் ஆனதுமே கேட்கச் சொல்கிறேன்.

கிலோமீட்டர் விகிதத்தையும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். லிட்டருக்கு நூறு ரூபாய்க்கு மேல் விற்கும் பெட்ரோலில் நெரிசலில் 45 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு, எரிபொருள் மட்டுமே கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 20 காசுக்கு மேல் ஆகும். மிச்சத்தில்தான் டயர், எஞ்சின் ஆயில், சர்வீஸ், காப்பீடு, வண்டியின் தேய்மானம் எல்லாம் அடங்க வேண்டும். ஆகவே 4 ரூபாயில் மிச்சப்படுகிறது என்று எண்ணிச் செலவழித்துவிட்டால் டயர் மாற்றும் மாதத்தில் கையைக் கடிக்கும். இன்னொன்று, மேனேஜரின் காரில் உடன் போகும் நாளில் அந்தத் தூரத்துக்கு நீங்களும் கிலோமீட்டர் எழுதக் கூடாது. இருவரின் ரிப்போர்ட்டும் ஒரே நாள், ஒரே வழி என்று காட்டும். அது தூர வித்தியாசம் போலன்றிப் பொய்க் கணக்காகவே பார்க்கப்படும்.

பணம் வரும் வழி இப்படி: மாதம் முடிந்த சில நாட்களுக்குள் படிவம் செயலியில் பூட்டப்படும், மேனேஜர் ஒப்புதல் தருவார், பிறகு கணக்குப் பிரிவு சரிபார்த்துச் சம்பளத்துடன் சேர்க்காமல் தனியாகக் கணக்கில் போடும். டூர் அட்வான்ஸ் வாங்கியிருந்தால் அது முதலில் கழியும். தொகை குறைவாக வந்ததும் அதை வெட்டு என்று எண்ணிவிட வேண்டாம். லாட்ஜ் பில்லைத் தனியாகத் தரும் கம்பெனி என்றால் கம்பெனி பெயரிலும் அதன் ஜிஎஸ்டி எண்ணிலும் பில் வாங்குங்கள்; படியிலேயே தங்கும் செலவும் அடங்கியிருந்தால் பில் கேட்க மாட்டார்கள், ஆனாலும் தங்கியதற்கு அத்தாட்சியாக ஒன்றை வைத்திருங்கள். வருமான வரியில் சுற்றுப்பயணப் படிக்கு விலக்கு உண்டு என்றாலும், வேலைக்காக உண்மையில் செலவான அளவுக்குத்தான் அது பொருந்தும்.

வெட்டு தவறு என்று தோன்றினால் மொத்தத் தொகையைச் சொல்லி முறையிடாதீர்கள். தேதி, ஊர், கேட்ட தொகை, வந்த தொகை, எந்த விதியின்படி எவ்வளவு வர வேண்டும் என்று நாளுக்கு ஒரு வரியாக எழுதி, ஒப்புதல் வந்த செய்தியின் படத்தையும் இணைத்து மேனேஜருக்கு அனுப்புங்கள். அப்படி வந்தவற்றை நான் கணக்குப் பிரிவுக்கு அனுப்பினால் அடுத்த மாதப் படிவத்திலேயே நிலுவையாகச் சேர்ந்துவிடும்; "ஆயிரம் ரூபாய் குறைகிறது சார், கொஞ்சம் பாருங்கள்" என்று மட்டும் வந்தவை பல வாரங்கள் என் மேசையிலேயே கிடந்தன.