திட்டும் வாடிக்கையாளரும் திருப்பித் தர வேண்டிய பணமும்

வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் தனியாளாகப் புடவை, நைட்டி, நகை விற்பவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சில.

"1,850 ரூபாய் புடவையில் கறை என்று படம் அனுப்பி, 'ஏமாத்துக்காரி' என்று ஆரம்பித்து வாய்க்கு வந்தபடி திட்டுகிறார். நான் அனுப்பும்போது கறை இல்லை. என்ன பதில் போடுவது?" — ஈரோடு வாசகி

அவர் அனுப்பியதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன: புடவையைப் பற்றிய புகார் ஒன்று, வசவு ஒன்று. புகாருக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அவர் திட்டினார் என்பதற்காக உங்கள் பொறுப்பு குறையாது. கறை உண்மையானால் நுகர்வோர் ஆணையம் அவர் பக்கம்தான் நிற்கும். வசவுக்குப் பதிலே வேண்டாம், பதிவு மட்டும் போதும்.

முதலில் உங்கள் பேக்கிங் வீடியோவைப் பாருங்கள். பயன்படும் வீடியோ என்பது வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுத்தது: புடவையை விரித்து முந்தி, உடல், பிளவுஸ் துணி மூன்றையும் காட்டி, மடித்து, கவரில் போட்டு, ஒட்டி, முகவரிச் சீட்டில் முடிய வேண்டும். விரித்த இடத்துக்கும் ஒட்டிய இடத்துக்கும் நடுவே ஒரு வெட்டு இருந்தாலும் "வேறு புடவையை வைத்துவிட்டார்" என்ற வாதம் எழும்.

பிறகு ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள்:

"வணக்கம் மேடம். 4ஆம் தேதி அனுப்பிய பச்சைப் புடவையில் கறை இருப்பதாக நீங்கள் அனுப்பிய படம் கிடைத்தது. கறை எந்த இடத்தில் என்று தெரியும்படி முழுப் புடவையின் படமும், பார்சல் கவர் படமும் நாளை மாலை 6 மணிக்குள் அனுப்புங்கள். பார்த்துவிட்டு மறுநாளே மாற்றித் தருவதா, பணம் தருவதா என்று சொல்கிறேன். புகார் சம்பந்தமான செய்திகளுக்கு மட்டும் பதில் தருவேன்."

இதில் தேதி, பொருள், நீங்கள் கேட்பது, கெடு எல்லாம் இருக்கின்றன. "நீங்கள்தான் காபி கொட்டியிருப்பீர்கள்" என்ற ஊகம் இல்லை. நாளை மூன்றாவது ஆள் ஒருவர் இந்தச் சேட்டைப் படித்தால், உங்கள் பக்கத்தை இந்த ஒரு செய்தியே சொல்லிவிடும். வாய்ஸ் நோட்டில் பதில் சொல்லாதீர்கள். கோபம் குரலில் ஏறிவிடும்.

பணம் தருவதென்று முடிவானால், எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கே திருப்புங்கள். "என் அக்கா நம்பருக்கு ஜிபே பண்ணு" என்று அவசரப்படுத்தி, பிறகு "எனக்குப் பணமே வரவில்லை" என்பவர்கள் உண்டு. அனுப்பியதும் 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண்ணை அதே சேட்டில் போட்டு, "1,850 ரூபாய் திருப்பியாயிற்று, புடவை எனக்கு வந்து சேர வேண்டும்" என்று எழுதுங்கள்.

"திட்டிவிட்டு ஒரு மணி நேரத்தில் டெலிட் செய்துவிடுகிறார். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் போதுமா?" — திருப்பூர் வாசகர்

போதாது. ஸ்கிரீன்ஷாட் முதல் படி மட்டும்தான். அனுப்பிய செய்தியை எல்லோருக்கும் அழிக்க வாட்ஸ்அப் சுமார் இரண்டு நாள் அவகாசம் தருகிறது. திருத்த 15 நிமிடம். ஆகவே வந்தவுடனே எடுத்துவிட வேண்டும். ஆனால் அன்றே எடுத்த படத்தில் தேதி இருக்காது, "இன்று" என்றுதான் காட்டும். எண்ணைப் பெயர் போட்டு சேமித்திருந்தால் எண்ணும் தெரியாது. பத்து படம் வைத்திருந்தும் எந்த எண், எந்தத் தேதி என்று காட்ட முடியாமல் நிற்பது இதனால்தான்.

அதனால் ஸ்கிரீன் ரெக்கார்டிங் செய்யுங்கள். போனின் தேதி தெரியும் திரையில் தொடங்கி, அவருடைய தொடர்பு விவரத்தைத் திறந்து எண்ணைக் காட்டி, அங்கிருந்து சேட்டுக்குள் போய் மெதுவாக நகர்த்துங்கள். அதன்பின் சேட் மெனுவில் Export chat கொடுத்து, படங்களோடு உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். அந்தக் கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் தேதியும் நேரமும் இருக்கும். அவர் அழித்த வரி அதில் வராது என்பதால் ரெக்கார்டிங்கும் எக்ஸ்போர்ட்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். மறையும் செய்திகள் வசதி அந்தச் சேட்டில் இயங்குகிறதா என்றும் பாருங்கள். அவரும் அதை இயக்கியிருக்கலாம்.

போனை மட்டும் நம்பி இருக்காதீர்கள், ஆனால் போனை மாற்றவும் ரீசெட் செய்யவும் வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்கும்போது ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் ஒரு பகுதியை நீங்களும் இன்னொன்றை நிபுணரும் நிரப்புவார்கள். கோப்பின் ஹாஷ் மதிப்பும் கேட்கப்படும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். விண்டோஸ் கணினியின் கமாண்ட் பிராம்ப்டில், chat.zip என்ற இடத்தில் உங்கள் கோப்பின் பெயரைப் போட்டு, இதை அன்றே எடுத்துக் குறித்து வைக்கலாம்:

```
certutil -hashfile chat.zip SHA256
```

கூடவே ஒரு நோட்டில் தேதி, நேரம், ஆர்டர், அவர் சொன்னது (அவர் வார்த்தையிலேயே), நீங்கள் செய்தது, கோப்பின் பெயர் என்று வரி வரியாக எழுதுங்கள். "மோசமாகப் பேசினார்" என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே என்ன பேசினார் என்று நினைவிருக்காது.

"அவர் எண்ணையும் செய்தியையும் விற்பனையாளர் குரூப்பில் போட்டு மற்றவர்களை எச்சரிக்கலாமா?" — மதுரை வாசகி

வேண்டாம். கோபம் நியாயமானதுதான். ஆனால் போட்ட அந்த நிமிடம் புகார் உங்கள் மேல் திரும்பும்: அவதூறு என்பார், தன் எண்ணை வெளியிட்டதால் மற்றவர்கள் தொல்லை தருகிறார்கள் என்பார். நீங்கள் சேர்த்த பதிவெல்லாம் அவருக்குச் சாதகமாகிவிடும்.

"பணம் தராவிட்டால் ஒரு ஸ்டார் போட்டு பேஜையே நாறடிப்பேன் என்கிறார். இது மிரட்டல் ஆகுமா?" — கோவை வாசகர்

உண்மையாகவே பொருள் சரியில்லை என்றால் ஒரு ஸ்டார் போடுவது அவர் உரிமை. அதைச் சொல்லிவிட்டுப் போடுவதும் குற்றமாகாது. குறையே இல்லாத பொருளுக்குப் பொய்யாக எழுதுவேன் என்று பணம் கேட்டால் விஷயம் வேறு. எது என்று தெரிய அவரிடம் குறையின் படத்தை எழுத்தில் கேளுங்கள். இரண்டு முறை கேட்டும் படம் அனுப்பாமல் தொகையை மட்டும் கேட்டால், அந்த வரிசையே உங்கள் ஆதாரம். பொதுவில் எழுதிவிட்டால் அதன் கீழே ஒரு பதில் மட்டும்: என்றைக்குப் படம் கேட்டீர்கள், இன்றும் தீர்த்துத் தரத் தயார் என்று. அவருடைய முகவரி, ஆர்டர் விவரம் எதுவும் அதில் வரக்கூடாது.

"இரவு 11 மணிக்கு மேல் கால் செய்து ஆபாசமாகப் பேசுகிறார். ஆர்டர் எதுவும் பாக்கி இல்லை." — சேலம் வாசகி

இது வியாபாரத் தகராறே இல்லை, வாடிக்கையாளராக நினைத்து ஒரு பதிலும் தர வேண்டாம். பாலியல் ரீதியான பேச்சு, பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் சொல், விடாமல் தொடர்பு கொள்வது மூன்றும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 75, 79, 78 ஆகிய பிரிவுகளில் வருகின்றன. கால் பட்டியலின் படத்தை எடுங்கள். ஆபாசப் படம் வந்திருந்தால் யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாமல் போனிலேயே வையுங்கள். cybercrime.gov.in தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றம் என்ற பகுதியில் புகார் தரலாம், அனைத்து மகளிர் காவல் நிலையத்திலும் தரலாம். நேரில் கொடுத்தால் எஃப்.ஐ.ஆர். போடவில்லையென்றாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். 1930 என்ற எண் பண மோசடிக்கானது. பணம் போயிருந்தால் உடனே அதற்கு அழையுங்கள்.

பதிவு எல்லாம் எடுத்தான பிறகு பிளாக் செய்யுங்கள். ரிப்போர்ட் செய்யும்போது சேட்டையும் சேர்த்து அழிக்கும் டிக் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள்; பலருடைய ஆதாரம் அந்த ஒரு டிக்கில்தான் போகிறது.