எஸ்-வளைவில் செலவுக் கோடு கீழே இருந்தால் மிச்சமா?

"காஸ்ட் பேஸ்லைனை எஸ்-வளைவாக எப்படி வரைவது? எங்கள் செலவு திட்டத்துக்குக் கீழே ஓடுகிறது, நல்லதுதானே?"

ஒவ்வொரு வேலையின் பட்ஜெட்டையும் அது நடக்கவேண்டிய மாதங்களில் பிரித்துப் போடுங்கள். மாதவாரியாகக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை மாதாமாதம் சேர்த்துக்கொண்டே போனால் காஸ்ட் பேஸ்லைன், அதாவது திட்டச் செலவின் வளைவு கிடைக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் வேலை குறைவு, நடுவில் பல வேலைகள் ஒரே சமயத்தில் ஓடும். அதனால்தான் எஸ் வடிவம்.

கீழே ஓடுவது நல்லதா என்பதை திட்டக் கோடும் செலவுக் கோடும் மட்டும் சொல்லாது. மொத்த பட்ஜெட் 100 என்று வையுங்கள். திட்டப்படி 3ஆம் மாத முடிவில் 20, 4ஆம் மாத முடிவில் 34 செலவாகியிருக்க வேண்டும். 4ஆம் மாத முடிவில் உங்கள் செலவு 28. பார்த்தால் 6 மிச்சம்! ஆனால் முடிந்த வேலைகளுக்குத் திட்டத்தில் ஒதுக்கிய தொகையைக் கூட்டினால் 24தான் வருகிறது என்றால், 24க்கான வேலைக்கு 28 கொடுத்திருக்கிறீர்கள்; 4 அதிகம். இந்தத் தொகையை மாதாமாதம் மூன்றாவது கோடாக வரையுங்கள். அதில் 4ஆம் மாதத்தின் 24இலிருந்து படுக்கைவாட்டில் இடப்பக்கம் போனால் திட்டக் கோட்டை 3.3ஆம் மாதம் அருகே தொடுவீர்கள். ஏறக்குறைய மூன்று வாரம் பின்தங்கல்.

இன்னொன்று: வேலை முடிந்தும் பில் வராத தொகையையும் செலவில் சேருங்கள். இல்லாவிட்டால் அந்த 28ஏ பொய்.