பிரதோஷம் ஏன் ஒரு நாள் தள்ளிப்போனது?

கேள்வி: அம்மாவுக்குப் பொடி எழுத்து தெரிவதில்லை. அதனால் மாதாமாதம் பஞ்சாங்கப் பக்கத்தைப் போனில் படமெடுத்து, எழுத்தாக மாற்றி, விசேஷ நாள், விரத நாள், நல்ல நேரம் மூன்றையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எடுத்துக் கொடுக்கிறேன். பக்கத்தில் திரயோதசி என்று இருந்த நாளைப் பிரதோஷம் என்று போட்டேன். கோயிலில் முந்தைய நாளே முடிந்துவிட்டது. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: உங்கள் படத்திலோ எழுத்து மாற்றத்திலோ பிழை இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்தைச் சரியாகப் படித்தாலும் இந்தத் தப்பு வரும். ஒரு நாளின் வரிசையில் அச்சாகியிருக்கும் திதி, அன்று சூரியன் உதிக்கும்போது இருக்கும் திதி. பக்கத்தில் உள்ள எண், அது எப்போது முடிகிறது என்பது. பிரதோஷத்துக்கோ அன்று மாலை சூரியன் மறையும் நேரத்தில் திரயோதசி இருக்க வேண்டும். காலையில் இருந்த திதியின் பெயரை வைத்து மாலை விரதத்தை முடிவு செய்ததுதான் கோளாறு.

முடிந்துபோன மாதம் ஒன்றை எடுத்துக்கொள்வோம், விடை தெரிந்திருக்கும். குரோதி வருஷக் கார்த்திகை, அதாவது 2024 நவம்பர் 16 முதல் டிசம்பர் 15 வரை. எண்கள் திருக்கணிதக் கணக்குப்படி, சென்னை உதயத்தை வைத்து. நவம்பர் 28 வியாழன் அன்று உதயம் சுமார் 6.12. துவாதசி 6.23 வரை. அதனால் வியாழன் வரிசையில் 'துவாதசி 0-27' என்று இருக்கும். வெள்ளி வரிசையில்தான் 'திரயோதசி' என்ற பெயர் வரும், அதுவும் காலை 8.39க்கு முடிந்துவிடும். பெயரைப் பார்த்தால் பிரதோஷம் வெள்ளி. ஆனால் வெள்ளி மாலையில் திரயோதசியே கிடையாது. வியாழன் காலை 6.23க்குத் தொடங்கிய திரயோதசிதான் அன்று மாலை முழுக்க இருந்தது. பிரதோஷம் வியாழன்தான். உதயத்துக்குப் பிறகு பதினொரு நிமிடமே நீடித்த துவாதசி, பட்டியலில் ஒரு நாளையே மாற்றிவிடுகிறது.

எனவே படத்திலிருந்து நீங்கள் எடுக்க வேண்டிய முக்கியமான சரக்கு, திதியும் நட்சத்திரமும் முடியும் எண்கள். பெயர்கள் வரிசைக்கிரமமாகத் தாமே வந்துவிடும். எண் தப்பினால் எல்லாம் போச்சு.

அந்த 0-27 என்பது மணி கிடையாது, நாழிகை-விநாழிகை. உதயத்திலிருந்து எண்ண வேண்டும். ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு விநாழிகை 24 விநாடி. அறுபது நாழிகை ஒரு முழு நாள். சில பஞ்சாங்கங்கள் நாழிகையோடு மணியையும் அச்சிடும், சில மணி மட்டும். எது என்று சந்தேகமிருந்தால், அந்தப் பத்தியில் மேலிருந்து கீழே பாருங்கள். 24ஐத் தாண்டிய எண் முன்பக்கத்தில் இருந்தால் நாழிகை. ஒன்று சொல்லிவிடுகிறேன்: 33-20 என்பதை 33.20 என்று தசமமாக எடுத்துப் பெருக்குபவர்கள் நிறையப் பேர். 33 நாழிகை 20 விநாழிகை என்பது 33.33 நாழிகை.

விரிதாளில் (எக்செல், கூகுள் ஷீட்ஸ் எதுவானாலும்) 33-20 என்று ஒரே கட்டத்தில் தட்டாதீர்கள். 3-12 போன்ற எண்ணை அது தேதியாக மாற்றிவிடும், நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். நாழிகையைத் தனிக் கட்டத்திலும் விநாழிகையைத் தனிக் கட்டத்திலும் போடுங்கள். A2-இல் தேதியும் உதய நேரமும் சேர்த்து, B2-இல் நாழிகை, C2-இல் விநாழிகை. D2-இல் இது:

```
=A2+(B2*60+C2)/3600
```

விடைக் கட்டத்தைத் தேதியும் நேரமுமாகக் காட்டச் சொன்னால், நள்ளிரவைத் தாண்டும் திதி தானாகவே மறுநாள் தேதியோடு வரும். வெறும் நேரத்தை மட்டும் போட்டால் விடிகாலை 5.48 என்று காட்டும். எந்த நாளின் விடிகாலை என்று தெரியாமல் மறுபடியும் ஒரு நாள் வழுக்கும்.

உதய நேரம் எந்த ஊருடையது என்பதும் முக்கியம். பஞ்சாங்கம் எந்த ஊருக்குக் கணித்ததோ அந்த ஊரின் உதயத்தோடுதான் நாழிகையைக் கூட்ட வேண்டும். நீங்கள் கோவையில் இருந்தாலும் சென்னைப் பஞ்சாங்கத்துக்குச் சென்னை உதயம்தான். மணியாக மாற்றிய பிறகு அது இந்தியா முழுக்க ஒரே நேரம். அப்புறம்தான் உங்கள் ஊர் அஸ்தமனத்தோடு ஒப்பிட வேண்டும்.

சரி, இப்போது அதே மாதத்தில் இன்னும் விசித்திரமான ஓர் இடம். திருக்கார்த்திகை டிசம்பர் 13 வெள்ளி, கார்த்திகை 28. திருவண்ணாமலையில் தீபம் ஏற்றியதும் அன்றுதான். ஆனால் அந்த நாளின் வரிசையில் நட்சத்திரம் 'பரணி 3-45' என்றுதான் தொடங்கும். உதயம் 6.20, அதோடு 3 நாழிகை 45 விநாழிகை, அதாவது ஒன்றரை மணி நேரம் கூட்டினால் 7.50. அதற்குப் பிறகு கிருத்திகை. மறுநாள் விடிகாலை 5.48க்கு, உதயத்துக்கு முன்பே கிருத்திகை முடிந்துவிடுகிறது. சனி உதயத்தில் இருப்பது ரோகிணி. ஆக, மாதத்தின் பெரிய பண்டிகைக்குரிய நட்சத்திரம் எந்த உதயத்திலும் இல்லை! அச்சில் அதைப் பரணிக்குப் பக்கத்திலோ கீழேயோ 'கிரு 58-40' என்று இரண்டாவது சின்ன வரியாக நுழைத்திருப்பார்கள். எழுத்து மாற்றும் செயலிகள் இந்த இரண்டாவது வரியை அடுத்த நாள் வரிசையோடு ஒட்டிவிடும், இல்லையென்றால் விழுங்கிவிடும். ஒரு கட்டத்தில் இரண்டு எண் இருந்தால் அதை மட்டும் பக்கத்தைப் பார்த்துக் கையால் நிரப்புங்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று இடம்தான் வரும்.

அதே வெள்ளியன்று திரயோதசி 33-20. கணக்குப் போட்டால் இரவு 7.40. அஸ்தமனம் ஐந்தே முக்கால் வாக்கில். திரயோதசி இருக்கிறது, அதனால் பிரதோஷமும் வெள்ளிதான். இங்கே பெயரும் நாளும் ஒத்துப்போய்விட்டன. பல மாதங்களில் இப்படி ஒத்துப்போவதால்தான் பழக்கம் தப்பு என்று நமக்கு உறைப்பதில்லை.

ஒவ்வொரு விரதத்துக்கும் பார்க்க வேண்டிய வேளை ஒன்று உண்டு. பிரதோஷத்துக்கு அஸ்தமனம். சங்கடஹர சதுர்த்திக்கு நிலவு எழும் நேரம்: 2024 நவம்பர் 18 திங்கள் மாலை 6.55க்குத் தேய்பிறைச் சதுர்த்தி தொடங்கி மறுநாள் மாலை 5.28க்கு முடிந்தது, பக்கத்தில் பெயர் செவ்வாயில் இருந்தாலும் விரதம் திங்கள். பௌர்ணமி கிரிவலத்துக்கு இரவு: டிசம்பர் 14 சனி மாலை 4.58 முதல் ஞாயிறு பிற்பகல் 2.31 வரை பௌர்ணமி, ஆக நடக்க வேண்டிய இரவு சனி. சிவராத்திரிக்கு நள்ளிரவுச் சதுர்த்தசி. ஏகாதசிக்கு விடியலுக்கு முந்தைய அருணோதயத்தில் தசமி கலப்பில்லாமல் ஏகாதசி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதில் சம்பிரதாய வேறுபாடு அதிகம், உங்கள் வீட்டு வழக்கத்தை அம்மாவிடமே கேட்டுவிடுங்கள். சோமவாரம் மட்டும் பாவம், எந்தக் கணக்கும் வேண்டாம். கார்த்திகையில் வரும் திங்கட்கிழமைகள்தான்: அந்த வருஷம் நவம்பர் 18, 25, டிசம்பர் 2, 9.

விசேஷப் பத்தியிலேயே 'பிரதோஷம்' என்று அச்சாகியிருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கும். ஆனால் அந்தப் பத்தி பெரும்பாலும் தையல் ஓரத்தில் நெருக்கியடித்து நிற்கும், படத்தில் வளைந்து அடுத்த வரிசைக்கு இறங்கிவிடும். அதனால் அதை எடுங்கள், கணக்கோடு ஒத்துப்பாருங்கள். இரண்டும் சொல்வது ஒன்றாக இருந்தால் பட்டியலில் சேருங்கள். வேறாக இருந்தால் பக்கத்தைத் திரும்பப் பாருங்கள்.

படமெடுக்கும்போது பக்கத்தின் பின்னால் ஒரு கறுப்புத் தாளைச் செருகுங்கள். பஞ்சாங்கக் காகிதம் மெல்லியது, பின்பக்க அச்சு தெரியும். கறுப்புத் தாள் அதை மறைத்துவிடும். ஒரு பக்கத்தை மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டு படமாக நேர் மேலிருந்து, பகல் வெளிச்சத்தில் எடுங்கள். பஞ்சாங்கத்தில் தமிழ் எண்கள் இருந்தால் ஒரு ஆபத்து: ௧ 'க' ஆகவும், ௨ 'உ' ஆகவும், ௭ 'எ' ஆகவும், ௮ 'அ' ஆகவும் வரும். அப்படிப்பட்ட பக்கத்தை எழுத்து மாற்றவே வேண்டாம், படத்தைப் பெரிதாக்கிக் கையால் தட்டுங்கள். முப்பது வரிசை, அரை மணி வேலை.

எண்களைத் தட்டி முடித்ததும் பிழை பிடிக்க ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. வாக்கியப் பஞ்சாங்கத்தில் திதி முடியும் நாழிகை நாளுக்கு நாள் ஐந்து கூடலாம், ஆறு குறையலாம். திருக்கணிதத்தில் சுமார் ஏழு கூடலாம், பத்து குறையலாம். டிசம்பர் 13-இல் திரயோதசி 33-20, 14-இல் சதுர்த்தசி 26-35. ஏழு நாழிகைக்குச் சற்றுக் குறைவாக இறங்கியிருக்கிறது, திருக்கணிதத்தில் சரி. 26க்குப் பதில் செயலி 36 என்று கொடுத்திருந்தால் ஏறக்குறைய மூன்று நாழிகை ஏறியதாகத் தெரியும். ஏறுவது அனுமதிக்குள் இருப்பதால் அந்த ஒரு ஜோடியை வைத்துப் பிடிக்க முடியாது. அதற்கு அடுத்த நாளையும் பார்க்க வேண்டும்: பௌர்ணமி 15-ஆம் தேதி பிற்பகல் 2.31, அதாவது சுமார் 20-25. 36-35இலிருந்து 20-25க்கு ஒரே நாளில் பதினாறு நாழிகை விழாது. அங்கே மாட்டிக்கொள்ளும். ஒரே திதி இரண்டு நாள் உதயத்தில் இருந்தாலும், ஒரே நாளில் இரண்டு திதி முடிந்தாலும் இந்தக் கணக்கு குதிக்கும்; அப்போது திதியின் பெயரும் திரும்ப வரும் அல்லது தாவும், அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம்.

வாக்கியம், திருக்கணிதம் இரண்டையும் கலக்காதீர்கள். இரண்டிலும் திதி முடியும் நேரம் வேறுபடும். அம்மா எதைப் பின்பற்றுகிறாரோ அந்த ஒன்று.

நல்ல நேரத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். ராகு காலத்தைப் படத்திலிருந்து எடுப்பது வீண்வேலை, அது கிழமைக்கு நிலையானது. 'திருநாள் சந்தடியில் வெயில் புகுந்து விளையாடச் செல்வது ஞாயமா' என்ற வாய்ப்பாட்டின்படி திங்கள் 7.30, சனி 9, வெள்ளி 10.30, புதன் 12, வியாழன் 1.30, செவ்வாய் 3, ஞாயிறு 4.30, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். இது காலை 6 உதயம் என்று வைத்த கணக்கு, நிஜ உதயத்தில் சில நிமிடம் நகரும். முகூர்த்த நாட்களை மட்டும் அச்சில் உள்ளபடியே எடுங்கள், நீங்களாகக் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டாம். அமிர்த, சித்த, மரண யோகம் கிழமையும் நட்சத்திரமும் சேர்ந்து வருவது. அதனால் அது மாறும் நாழிகை நட்சத்திரம் முடியும் நாழிகையாகவே இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டில் ஒன்று தப்பாகப் படிக்கப்பட்டிருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களுக்கும் இதே பட்டியலை அனுப்புகிறீர்கள் என்றால் நாளை அப்படியே அனுப்பாதீர்கள். டிசம்பர் 12 இரவு 10.26க்கு இந்தியாவில் தொடங்கிய திரயோதசி, டொரன்டோவில் பன்னிரண்டாம் தேதி பகல் 11.56க்குத் தொடங்கி மறுநாள் காலை 9.10க்கு முடிந்துவிட்டது. கணக்குப்படி அங்கே பிரதோஷம் வியாழன்.

அம்மாவின் தாளில் ஒவ்வொரு வரியையும் இப்படி எழுதிக் கொடுங்கள்: 'நவ. 28, வியாழன், கார்த்திகை 13, பிரதோஷம். திரயோதசி காலை 6.23 முதல் வெள்ளி காலை 8.39 வரை.' தொடக்கமும் முடிவும் பக்கத்திலேயே இருந்தால், அடுத்த முறை தப்பு வந்தால் அம்மாவே பிடித்துவிடுவார்.