பிழை திருத்த அப்டேட்: ஆட்டக்காரர்களுக்கு என்ன எழுதுவது? கேள்வி பதில்

எங்கள் மொபைல் கேமில் லெவல் முடிந்து சேவ் ஆகும்போது போன் அழைப்பு வந்தால் முன்னேற்றம் அழிந்துகொண்டிருந்தது. சரிசெய்துவிட்டோம். "சில பிழைகள் சரிசெய்யப்பட்டன" என்று போட்டால் போதுமா?

போதாது. சேவ் இழந்தவர் அந்த வரியைப் படித்தால், தன் பிரச்சினை தீர்ந்ததா என்றே தெரியாது. உங்கள் புரோகிராம் கோடு அவருக்குத் தெரியாது. எந்த நேரத்தில் போனது என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள்:

"லெவல் முடிந்து சேவ் ஆகும் நொடியில் அழைப்பு வந்தாலோ வேறு ஆப்புக்குப் போனாலோ சிலருடைய முன்னேற்றம் அழிந்தது. இப்போது புதிய சேவ் முழுதாக எழுதப்பட்ட பிறகே பழையது நீங்கும். ஏற்கெனவே அழிந்ததை எங்களால் மீட்க முடியவில்லை. மன்னியுங்கள்."

மூன்றாவது வாக்கியத்தை வெட்டச் சொல்வார்கள், விடாதீர்கள். அது இல்லாவிட்டால் அப்டேட் போட்டதும் பழைய லெவல் திரும்பிவிடும் என்று நம்பி ஆயிரம் பேர் திறந்து பார்ப்பார்கள். "இனி சேவ் அழியவே அழியாது" என்றும் எழுதாதீர்கள். நீங்கள் சோதித்தது இந்த ஒரு வழியைத்தான்.

ஆப்பிளே வெறும் "பிழை திருத்தம்" என்று போட விடுகிறதே?

சிறு திருத்தங்களுக்கு விடுகிறது. அது கடையின் விதி, அவ்வளவுதான். முன்னேற்றம் அழிவது சிறு பிழை இல்லை.

ப்ளே ஸ்டோரில் அப்டேட் குறிப்புக்கு 500 எழுத்துதான். தமிழில் அடங்குமா?

அடங்கும், ஆனால் இறுக்கமாக. யூனிகோடு குறிகளாக எண்ணுவதால் "சேமிப்பு" நான்கு எழுத்தல்ல, எட்டு. சேவ் பற்றியதை முதலில் வையுங்கள். மற்றதை கேமுக்குள் காட்டுங்கள்.

கேமுக்குள் காசு இரட்டிப்பாகும் ஓட்டையையும் அடைத்தோம். அதையும் சொல்ல வேண்டுமா?

அடைத்ததைச் சொல்லுங்கள், செய்முறையைச் சொல்லாதீர்கள். ஆப்பிளில் படிப்படியாக வெளியிட்டால் தானாக அப்டேட் ஆகும் போன்கள் எல்லாவற்றுக்கும் போய்ச்சேர ஏழு நாள் ஆகும். அதுவரை பழைய பதிப்பில் ஓட்டை திறந்தே இருக்கும்.

ஆட்டக்காரனாகக் கேட்கிறேன்: அப்படியானால் நேர்மை எங்கே? ஓட்டை தெரிந்தவன் ஏழு நாளும் காசு அள்ளுவான், தெரியாதவன் ஏமாளியா?

நியாயமான கோபம். ஆனால் செய்முறையை எழுதினால் அள்ளுபவர்கள்தான் கூடுவார்கள். காசுக் கணக்கு சர்வரில் இருந்தால் அங்கேயே அன்றே அடைக்கலாம், அப்புறம் விளக்கமாக எழுதலாம். போனிலேயே இருந்தால் காத்திருக்கத்தான் வேண்டும். அள்ளிய காசைப் பறிப்பார்களா என்பதை மட்டும் கேம் செய்தவர்கள் முதல் நாளே சொல்ல வேண்டும்.

பறிக்கக் கூடாது. ஓட்டை விட்டது அவர்கள்தானே?

தெரியாமல் இரண்டு முறை பெற்றவரிடம் பறிக்கக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். வேண்டுமென்றே நூறு முறை செய்தவர் தரவரிசையில் முதலில் நின்றால்? அதில் எனக்கு உங்களோடு உடன்பாடில்லை.

நான் ஆடும் கேமில் என் 40ஆம் லெவலும் போச்சு. மீட்டுத் தருவார்களா?

அந்த கேமின் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். அதற்குள் ஆப்பை அழித்து மறுபடி நிறுவாதீர்கள், போனில் மிச்சமிருக்கும் கோப்பும் போய்விடும்.

சுருக்கமாக "பிழைகள் சரிசெய்யப்பட்டன" என்று போட்டால்?

முதல் பதிலைப் படியுங்கள். மீட்க முடியாததையும் சேர்த்து எழுதுங்கள்.