எண்ணிக்கை சொல்லாமல், தரம் சொல்லாமல் வினாடி வினா கேட்டால்

கேள்வி: எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவுக்கு, "வன்னியைப் பற்றி வினாடி வினா ஒன்று தயாரித்துத் தா தம்பி" என்று தலைவர் கேட்டிருக்கிறார். எத்தனை கேள்வி, எவ்வளவு கடினம், பல்தேர்வா வாய்மொழியா என்று ஒன்றுமே சொல்லவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

தலைவரிடம் "எத்தனை கேள்வி வேண்டும்?" என்று திரும்பக் கேட்காதீர்கள். "நீங்களே பார்த்துச் செய்யுங்கள்" என்பார். அவருக்கு அது தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. அவருக்குத் தெரிந்தது வேறு: நிகழ்ச்சி நிரலில் வினாடி வினாவுக்கு எத்தனை நிமிடம், மேடையில் இருக்கப்போவது யார், எத்தனை அணி, பிள்ளைகள் எழுதுவதா சொல்வதா. இவற்றைக் கேட்டால் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். எண்ணிக்கையும் தரமும் வடிவமும் அந்தப் பதில்களுக்குள்தான் கிடக்கின்றன.

நான் இதைப் பட்டுத்தான் படித்தேன். சில ஆண்டுகளுக்கு முன், மாங்குளத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரின் விளையாட்டு விழாவுக்கு இப்படித்தான் கேட்டார்கள். பாடசாலை ஆசிரியன் அல்லவா, கை தானாகவே பரீட்சைத் தாள் பக்கம் போனது. ஐம்பது பல்தேர்வு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். அங்கே போய்ப் பார்த்தால் நான்கு மேசைகள், நான்கு அணிகள், ஒரேயொரு ஒலிவாங்கி. அடுத்து நடனம் என்பதால் எனக்கு நாற்பது நிமிடம்தான்.

கேள்வியை வாசித்து நான்கு விடைகளையும் வாசித்து முடிப்பதற்குள் பிள்ளைகளுக்கு முதலாவது விடை மறந்துபோயிருந்தது. "சேர், இன்னொருமுறை" என்று ஒவ்வொரு மேசையிலிருந்தும் கேட்டார்கள். பதினேழாவது கேள்வியோடு நேரம் முடிந்தது. நான்கு அணிக்கும் நான்கு நான்காகப் பதினாறு, மிச்சமிருந்த ஒன்று முறைப்படி முதல் அணிக்கு. அந்த ஒன்றாலேயே முதல் அணி வென்றது. தோற்ற அணியின் தகப்பன் ஒருவர் மேடைக்கே ஏறி வந்து, "அவர்களுக்கு ஐந்து கேள்வி, எங்களுக்கு நான்கா?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான்.

ஆகவே முதலில் நேரத்தைப் பிரியுங்கள். நிரலில் 45 நிமிடம் என்று எழுதியிருந்தால் அணிகள் அமர்வதற்கும் விதிகளைச் சொல்வதற்கும் ஐந்து, முடிவைக் கூட்டி அறிவிப்பதற்கு ஐந்து போய்விடும். கையில் 35. வாய்மொழிக் கேள்வி ஒன்றை இருமுறை வாசிக்க இருபது விநாடி, அணி கூடிப் பேச முப்பது விநாடி, நடுவர் தீர்ப்புச் சொல்லிப் புள்ளி எழுத இன்னொரு முப்பது, இடையில் கைதட்டல். கேள்விக்கு ஒன்றரை நிமிடம் என்று வையுங்கள். 35 நிமிடத்தில் 23 கேள்வி வரும். ஆனால் 23 கேட்கக்கூடாது. நான்கு அணி என்றால் நான்கின் மடங்காகத்தான் நிற்க வேண்டும்: ஐந்து சுற்று, இருபது கேள்வி. மிஞ்சும் நிமிடங்கள் சச்சரவுக்கும் ஒலிவாங்கி கோளாறுக்கும். எழுதும்போது 28 எழுதுங்கள். இருபது போட்டிக்கு, நான்கு, ஏதாவது சுற்றில் கேள்வி ஒன்று பிழைத்துப்போனால் மாற்றுவதற்கு, நான்கு பார்வையாளருக்கு. சபைக்குக் கேள்வியே இல்லாவிட்டால் அவர்கள் விடையைக் கத்திவிடுவார்கள். நேரம் நெருக்கினால் சுற்றின் நடுவில் நிறுத்தாதீர்கள், ஒரு சுற்றையே முழுதாக விட்டுவிடுங்கள்.

அடுத்தது வடிவம். எங்கள் பிள்ளைகளுக்குக் கேள்வி என்றாலே பல்தேர்வு என்ற எண்ணம் இருக்கிறது. சாதாரண தரத்தில் பல பாடங்களுக்கு ஒரு மணித்தியாலத்தில் நாற்பது வினா, நான்கு விடைகள். உயர்தர விஞ்ஞானப் பாடங்களில் இரண்டு மணித்தியாலத்தில் ஐம்பது வினா, ஐந்து விடைகள். அது தாளைக் கண்ணால் பார்த்து எழுதுவதற்கு வகுத்த முறை. காதால் கேட்பதற்கு அல்ல. அதோடு குருட்டு அதிர்ஷ்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நான்கு விடை உள்ள இருபது வினாவுக்கு ஒன்றும் தெரியாதவன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே சராசரியாக ஐந்து சரிவரும். சரி, பிழை என்று மட்டும் கேட்டால் பத்து. மேடையில் முதல் அணிக்கும் இரண்டாம் அணிக்கும் இடையில் ஒன்று, இரண்டு புள்ளிதான் வித்தியாசம் வரும் என்பதால், பரிசை அறிவு வெல்கிறதா அதிர்ஷ்டம் வெல்கிறதா என்று பிறகு சொல்லவே முடியாது. மேடைக்கு விடை கொடுக்காத நேரடிக் கேள்விதான் நல்லது. மண்டபத்தில் நூறு பிள்ளைகள் அமர்ந்து எழுதுவது என்றால் மட்டும் பல்தேர்வைத் தாளில் அடித்துக் கொடுங்கள்.

விடைகளைக் கொடுப்பதில் இன்னொரு பொறியும் உண்டு. 1803 ஒக்டோபர் 31 அன்று பண்டாரவன்னியனை ட்ரிபேர்க் என்ற ஆங்கிலேயப் படைத் தளபதி தோற்கடித்ததைக் குறிக்கும் கல் எந்த ஊரில் நாட்டப்பட்டது என்று கேட்கிறீர்கள். கற்சிலைமடு என்பது விடை. பக்கத்தில் நம்பும்படியான பிழை விடையாக ஒட்டுசுட்டானைப் போடத் தோன்றும். போடாதீர்கள். கற்சிலைமடு இருப்பது ஒட்டுசுட்டான் பிரதேச செயலாளர் பிரிவுக்குள். தெரிந்த பிள்ளை ஒருத்தி எழுந்து "அதுவும் சரிதானே" என்றால் நடுவருக்குப் பேச்சு வராது.

வன்னி என்ற தலைப்பில் இப்படியான குழிகள் நிறைய. "வன்னியில் எத்தனை மாவட்டங்கள்?" என்ற கேள்வியை நான் எந்தத் தாளிலும் விடமாட்டேன். வன்னித் தேர்தல் மாவட்டம் என்றால் வவுனியா, மன்னார், முல்லைத்தீவு என மூன்று. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்கிறது. ஆனால் கிளிநொச்சியில் இருப்பவரிடம் போய் "நீங்கள் வன்னி இல்லை" என்று சொல்லிப் பாருங்கள். "வன்னித் தேர்தல் மாவட்டத்தில் அடங்கும் நிர்வாக மாவட்டங்கள் எவை?" என்று கேட்டால் வழக்கு இல்லை. அதேபோல் பண்டாரவன்னியன் இறந்த ஆண்டைக் கேட்க வேண்டாம். கற்சிலைமடுச் சண்டையிலேயே என்பாரும் உண்டு, காயத்தோடு தப்பிப் பல ஆண்டுகள் கழித்து என்பாரும் உண்டு. முல்லைத்தீவுக் கோட்டையை அவன் கைப்பற்றிய ஆண்டைக் கேளுங்கள்: 1803.

தரத்துக்கு வருகிறேன். இதில்தான் கேள்வி தயாரிப்பவர் அதிகம் ஏமாறுகிறார். கடினம் கேள்விக்குள் மட்டும் இருப்பதில்லை, பதில் சொல்பவரின் ஊரிலும் இருக்கிறது. குளங்கள் என்று ஒரு சுற்று வைக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வோம். இரணைமடுவுக்கு நீர் தரும் ஆறு எது? கனகராயன் ஆறு. வவுனிக்குளத்துக்கு? பாலி ஆறு. முத்தையன்கட்டுக்கு? பேராறு. மன்னார்க் கட்டுக்கரைக் குளத்துக்கு? அருவி ஆறு. நான்கும் ஒரே அச்சில் வார்த்த கேள்விகள், பார்வைக்குச் சமம். ஆனால் கிளிநொச்சி அணிக்கு இரணைமடு விழுந்தால் அது கேள்வியே அல்ல, வரவேற்புரை. மல்லாவிப் பிள்ளைக்கு வவுனிக்குளம் வீட்டுக் கொல்லை. அதே பிள்ளைக்குக் கட்டுக்கரை விழுந்தால் முழிக்கும்.

இதற்கு நான் கண்ட வழி, ஒவ்வொரு சுற்றையும் ஒரே பொருளில், ஒரே அமைப்பில் நான்கு கேள்வியாக எழுதி, நான்கையும் கடித உறைக்குள் போட்டு, அணித் தலைவரையே எடுக்கவிடுவது. யாருக்கு எது என்பதை நான் தீர்மானிக்கவில்லை என்று சபைக்குத் தெரிந்தால் முக்கால்வாசிச் சண்டை வராது. ஒரே ஊருக்குள் நடக்கும் போட்டி என்றால் இந்தத் தலைவலி இல்லை.

எழுதிய கேள்விகளைப் போட்டியில் சேராத, அதே வயதுப் பிள்ளைகள் மூன்று பேரிடம் வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் வாசிக்க, அவர்கள் கேட்டுச் சொல்ல வேண்டும், தாளைக் கொடுக்காதீர்கள். மூவரும் சொல்வது முதல் சுற்றுக்குப் போகட்டும். மேடையேறிய பிள்ளைக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், முதல் கேள்வி வாயைத் திறக்க வைத்தால் போதும். இருவர் சொல்வது நடுச் சுற்றுகளுக்கு, ஒருவர் மட்டும் சொல்வது கடைசிக்கு. எவரும் சொல்லாததைக் கழித்துவிடுங்கள், அது எவ்வளவு அருமையான கேள்வியாக இருந்தாலும். "இதற்கு என்ன அண்ணா கேட்கிறீர்கள்?" என்று எவராவது சொன்னால் பிழை உங்கள் வசனத்தில் இருக்கிறது. கிளிநொச்சி தனி மாவட்டமான ஆண்டை, 1984 என்பதை, நான் ஒருமுறை "கிளிநொச்சி எப்போது உருவானது?" என்று கேட்டு இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஊர் உருவானதா, மாவட்டம் உருவானதா?

இனித் தலைவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். கேள்வியாக அல்ல, முடிவாக: "அண்ணா, நான்கு அணி, அணிக்கு மூன்று பேர், தரம் 9 முதல் 11 வரை, வாய்மொழி, இருபது கேள்வி, 45 நிமிடம் என்று செய்கிறேன். மாதிரிக்கு மூன்று கேள்வி கீழே. மாற்றம் இருந்தால் புதன்கிழமைக்குள் சொல்லுங்கள்." ஒன்றும் சொல்லத் தெரியாதவருக்கும் மாதிரியைக் கண்டால் சொல்லத் தெரியும். "ஐயோ, சின்னப் பிள்ளைகளும் வருகிறார்கள்" என்று அப்போதுதான் வாய் திறப்பார். அதற்காகத்தான் மாதிரியில் இலகு, நடுத்தரம், கடினம் என்று ஒவ்வொன்று இருக்க வேண்டும்.

சமநிலை வந்தால் கேள்வி தேடி ஓடாமல் இருக்க, முறிகண்டியில் கச்சான் வாங்கி ஒரு போத்தலில் எண்ணிப் போட்டு மேசைக்கடியில் வைத்துக்கொள்ளுங்கள். கிட்டிய எண்ணைச் சொன்ன அணிக்கு வெற்றி. இது அறிவுப் போட்டியா என்று சிலர் முகம் சுளிப்பார்கள், சபை சிரிக்கும்.

கடைசியாக நடுவரின் தாள். விடையை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதாது, ஏற்கக்கூடிய மாற்று விடையையும் எழுத வேண்டும். கட்டுக்கரைக்கு எதிரில் "அருவி ஆறு" என்று மட்டும் எழுதியிருந்தால், "மல்வத்து ஓயா" என்று சொன்ன பிள்ளைக்கு நடுவர் பிழை போட்டுவிடுவார். இரண்டும் ஒரே ஆறு.