விலை ஏறி ஓப்பன் இன்ட்ரஸ்ட் குறைந்தால் ஷார்ட் கவரிங்தானா?

கேள்வி: பங்கு 2% ஏறியிருக்கிறது, ஃபியூச்சர்ஸில் ஓப்பன் இன்ட்ரஸ்ட் 20% குறைந்திருக்கிறது. ஆப்பில் "ஷார்ட் கவரிங்" என்று போட்டிருக்கிறார்கள். இதை அப்படியே நம்பலாமா?

ஷார்ட் கவரிங் என்றால், விலை இறங்கும் என்று ஃபியூச்சர்ஸை விற்று ஷார்ட்டில் இருந்தவர்கள் திருப்பி வாங்கி வெளியேறுவது. கான்ட்ராக்ட் முடியும் நாளான எக்ஸ்பைரிக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கடைசி வாரம் என்றால் அந்த லேபிளை நான் நம்ப மாட்டேன்.

காரணம் புரிய, ஓப்பன் இன்ட்ரஸ்ட், சுருக்கமாக ஓஐ, அதாவது இன்னும் மூடப்படாமல் இருக்கும் கான்ட்ராக்ட்களின் எண்ணிக்கை, எப்படி மாறுகிறது என்று தெரிய வேண்டும். புதிதாக வாங்குபவரும் புதிதாக விற்பவரும் சந்தித்தால் ஒரு கான்ட்ராக்ட் பிறக்கிறது, ஓஐ ஒன்று கூடும். ஏற்கெனவே வாங்கி வைத்து லாங்கில் இருப்பவர் தன்னுடையதைப் புதியவர் ஒருவருக்கு விற்றால் கை மாறுகிறது, அவ்வளவுதான். வால்யூம் கூடும், ஓஐ அசையாது. பழைய லாங், பழைய ஷார்ட் இருவருமே வெளியேறினால்தான் ஓஐ ஒன்று குறையும். ஆகவே ஓஐ குறைந்தால் நிலைகள் மூடப்பட்டன என்பது உறுதி. ஆனால் மூடும்போது லாங், ஷார்ட் இரண்டும் சம எண்ணிக்கையில்தான் வெளியேறுகின்றன. யாருக்கு அவசரம் என்பதை விலையை வைத்துத்தான் ஊகிக்கிறோம். விலை ஏறியபடி மூடப்பட்டால் ஷார்ட்காரர்கள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள் என்று எடுத்துக்கொள்கிறோம்.

கடைசி வாரத்தில் இந்த ஊகம் உடைகிறது, ரோல்ஓவரால். என்எஸ்இ-யில் ஒரே பங்குக்கு மூன்று மாத ஃபியூச்சர்ஸ் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. நிலையைத் தொடர நினைப்பவர் இந்த மாதத்தை மூடிவிட்டு அடுத்த மாதத்தில் அதே நிலையை எடுப்பார். பல ஆப்கள் நடப்பு மாதத்தை மட்டும் பார்த்து லேபிள் ஒட்டுகின்றன.

உங்கள் கணக்கையே எண்கள் வைத்துப் போட்டுப் பார்ப்போம். எண்கள் புரிதலுக்காக நான் வைத்தவை. விலை 1,000-லிருந்து 1,020. நடப்பு மாத ஓஐ 80 லட்சம் பங்குகளிலிருந்து 64 லட்சம். அதாவது 20% குறைவு, ஆப் சொல்வது சரி போலத்தான் தெரியும். இப்போது அடுத்த மாதத்தைத் திறந்து பாருங்கள்: 20 லட்சம் 38 லட்சமாகியிருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 100 லட்சம் 102 லட்சம் ஆகியிருக்கிறது. யாரும் பெரிதாக வெளியேறவில்லை, மாதம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். நிகரமாக 2 லட்சம் கூடவே சேர்ந்திருக்கிறது. அதே நாளில் அடுத்த மாதம் 20-லிருந்து 21 லட்சம்தான் ஆகியிருந்தால், மொத்தம் 85 லட்சம். அப்போது 15 லட்சம் பங்கு அளவுக்கு நிலைகள் உண்மையாகவே மூடப்பட்டிருக்கின்றன. ஷார்ட் கவரிங் என்று சொல்ல அடிப்படை இருக்கிறது. மூன்றாவது மாதத்தில் பெரும்பாலும் சொற்ப ஓஐ-தான் இருக்கும், இருந்தாலும் அதையும் சேர்த்தே கூட்டுங்கள்.

அப்புறம், ஃபியூச்சர்ஸ் விலைக்கும் பங்கின் கேஷ் மார்க்கெட் விலைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஃபியூச்சர்ஸ் விலை குறைவாக இருந்தால் டிஸ்கவுன்ட், கூடுதலாக இருந்தால் பிரீமியம். காலையில் ஃபியூச்சர்ஸ் 4 ரூபாய் டிஸ்கவுன்டில் இருந்து, மாலையில் 3 ரூபாய் பிரீமியத்துக்கு வந்திருந்தால், வாங்கும் அவசரம் ஃபியூச்சர்ஸில்தான் இருந்திருக்கிறது. இது ஷார்ட் கவரிங் கதையோடு பொருந்தும். பங்கு ஏறியும் டிஸ்கவுன்ட் அப்படியே இருந்தால், ஏற்றத்தைக் கேஷ் மார்க்கெட் இழுத்திருக்கிறது என்றுதான் நான் படிப்பேன். டிவிடெண்ட் தேதி நெருங்கும் பங்கில் டிஸ்கவுன்ட் இயல்பாகவே வரும், அங்கே இந்தச் சோதனையில் கவனம் வேண்டும்.

விலையும் ஓஐ-யும் சேர்ந்து ஏறும்போது "லாங் பில்டப்" என்பார்களே, அதற்கும் இந்த இடைவெளி உதவும். பிரீமியம் கொழுத்தால் ஆர்பிட்ரேஜ் செய்பவர்கள் கேஷில் பங்கை வாங்கி ஃபியூச்சர்ஸை விற்பார்கள். அந்த ஷார்ட் விலை இறங்கும் என்று எடுத்ததல்ல. விலை ஏறினாலும் அவர்கள் பதறி மூட மாட்டார்கள். அதனால் "இவ்வளவு ஷார்ட் சிக்கியிருக்கிறது, வெடிக்கப் போகிறது" என்று ஓஐ-யை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

பங்கு எஃப் அண்ட் ஓ தடையில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சந்தை முழுவதற்குமான வரம்பில் ஓஐ 95%-ஐத் தாண்டினால் தடை வரும். அது 80%-க்குக் கீழே இறங்கும் வரை நிலைகளைக் குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. அந்த நாட்களில் ஓஐ குறைவது விதியால் வருவது. விலை ஏறினால் ஷார்ட் கவரிங், இறங்கினால் லாங் அன்வைண்டிங் என்று ஆப் காட்டிக்கொண்டேதான் இருக்கும். தடைப் பட்டியலில் உள்ள பங்குக்கு நான் அந்த லேபிளைக் கணக்கில் எடுப்பதே இல்லை.