சுண்டலும் புரதப் பொடியும் சேர்ந்தால் வயிறு ஏன் உப்புகிறது?

உடற்பயிற்சிக்காக இரண்டு வாரமாகக் காலையும் மாலையும் 250 மில்லி பாலில் வே புரதப் பொடி கலந்து குடிக்கிறேன். மாலையில் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல், இரவில் இனுலின் நார்ச்சத்துப் பொடி. சாயங்காலமானால் வயிறு பலூன் மாதிரி ஆகிவிடுகிறது. புரோபயாடிக் மாத்திரை வாங்கினேன், பலனில்லை. (வாசகர், கோவை)

மாத்திரையை விடுங்கள். நீங்கள் எழுதிய பட்டியலிலேயே மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது பால். 250 மில்லியில் சுமார் 12 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. நம்மில் பலருக்கு வயது ஏற ஏற அதைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய் வாயுவாகிறது. ஐந்து நாள் பொடியைத் தண்ணீரில் மட்டும் கலந்து குடியுங்கள், வேறு எதையும் மாற்றாதீர்கள். உப்புசம் பாதியானால் பால்தான் காரணம்.

அப்புறம் சுண்டல். ஒரு கப் வெந்த கொண்டைக்கடலையில் 12 கிராம் வரை நார்ச்சத்து உண்டு. கூடவே ராஃபினோஸ் போன்ற சர்க்கரைகள். அவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் கிடையாது, பாக்டீரியாதான் உடைக்கும். உடைக்கும்போது வாயு வரும். அந்த ஐந்து நாள் சோதனை முடிந்ததும், கடலையை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். அந்தச் சர்க்கரைகளில் ஒரு பகுதி ஊறிய தண்ணீரோடு போய்விடும். கால் கப்பில் தொடங்கி, வாரத்துக்குக் கால் கப் கூட்டுங்கள்.

மூன்றாவது இனுலின். அதையும் அப்போதே நிறுத்திவிடுங்கள். அது மிக வேகமாக நொதிக்கும் நார். மலம் இளக நார் வேண்டுமென்றால் இசப்கோல் ஒரு டீஸ்பூன், நிறையத் தண்ணீரோடு. அது மெதுவாகத்தான் நொதிக்கும், வாயு குறைவு.

இது உங்கள் வயிற்றின் பலவீனம் இல்லை. அமெரிக்காவில் 164 பேரை வைத்து நடந்த ஓம்னிஹார்ட் ஆய்வின் தரவை 2020-இல் மறுபடி அலசினார்கள். நார்ச்சத்து நிறைந்த உணவிலேயே, மாவுச்சத்து மிகுந்த வகையைவிடப் புரதம் மிகுந்த வகையைச் சாப்பிட்டபோது உப்புசம் வரும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் அதிகமாக இருந்தது. அந்தப் புரதத்தில் சுமார் பாதி செடிகளிலிருந்து வந்தது. நீங்கள் புரதம், நார் இரண்டையும் ஒரே சமயத்தில் கூட்டியதுதான் சிக்கல்.

பாலை நிறுத்தினால் தயிரையும் நிறுத்தணுமா?

வேண்டாம். நொதித்த உணவுகளில் மிகத் தெளிவான ஆதாரம் இருப்பது இங்கேதான். தயிரில் உயிரோடு இருக்கும் பாக்டீரியாவே லாக்டோஸை உடைக்கும் நொதியைக் கொண்டுவருகிறது, அது சிறுகுடலிலும் வேலை செய்கிறது. பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கு ஒரு கிண்ணம் தயிர் ஒத்துக்கொள்வது அதனால்தான். ஆனால் மோர்க்குழம்பாகக் கொதிக்கவிட்டால் அந்தப் பாக்டீரியா இருக்காது. மதியச் சாப்பாட்டின் கடைசியில் சோற்றில் பிசைந்தோ, மோராகவோ போதும்.

இட்லி, தோசை புரோபயாடிக் உணவா? (வாசகி, மதுரை)

இல்லை. வேகும்போது பாக்டீரியா செத்துவிடும். ஆனால் மாவு புளித்தபோதே அது தன் வேலையை முடித்துவிட்டது: உளுந்தின் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளையும், இரும்பு, துத்தநாகத்தைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட்டையும் குறைத்துவிட்டது. புரதத்துக்காகப் பருப்பு கூட்டுகிறவர்களுக்குச் சுண்டலைவிட இட்லி லேசாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய சோறு வேறு கதை. அதைச் சூடாக்காமல் சாப்பிடுவதால் பாக்டீரியா உயிரோடு வயிற்றுக்குப் போகிறது.

நொதித்த உணவு குடலை மாற்றும் என்பதற்கு நிஜமாகவே ஆதாரம் இருக்கிறதா? மாத்திரைக்கு?

உணவுக்கு ஓரளவு இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் 36 ஆரோக்கியமானவர்களைப் பத்து வாரம் கவனித்து 2021-இல் வெளியிட்டார்கள். ஒரு குழு நார்ச்சத்தைக் கூட்டியது. இன்னொன்று தயிர், கெஃபிர், கிம்ச்சி போன்ற நொதித்த உணவுகளைக் கூட்டி நாளுக்கு ஆறு பங்கு வரை போனது. இரண்டாவது குழுவில்தான் குடல் நுண்ணுயிர்களின் வகை பெருகி, அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. ஆனால் ஆட்கள் குறைவு. ஆறு பங்கு என்பதும் நம் வீட்டு ஒரு கிண்ணத் தயிரில்லை. வாயு, உப்புசம் தீர்ந்ததென்று இதைவைத்துச் சொல்ல முடியாது.

மாத்திரையைப் பற்றி நிபுணர்களே ஒத்துப்போகவில்லை. அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கம் 2020-இல், எரிச்சல் குடல் நோய்க்கு ஆய்வுக்கு வெளியே இதைத் தர வேண்டாமென்றது. பிரிட்டிஷ் சங்கம் 2021-இல், 12 வாரம் வரை முயன்று பார்க்கலாம், பலனில்லையென்றால் நிறுத்திவிடலாம் என்றது. ஒரு பாக்டீரியா ரகத்துக்குக் கிடைத்த முடிவு இன்னொரு ரகத்துக்குப் பொருந்தாது. டப்பாவில் எத்தனை கோடி பாக்டீரியா என்று மட்டும் போட்டு, ரகத்தின் முழுப் பெயர் போடாத மாத்திரைக்குக் காசு கொடுக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

அம்மாவுக்குக் கீமோ நடக்கிறது. புரதம் கூட்டச் சொன்னார்கள். புரோபயாடிக்கும் கொடுக்கலாமா?

நீங்களாகக் கொடுக்காதீர்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்த நேரத்தில் மாத்திரையிலுள்ள உயிருள்ள பாக்டீரியா, அபூர்வமாக ரத்தத்துக்குள் போய்த் தொற்றை உண்டாக்கியிருக்கிறது. வெளியில் வைத்துப் புளித்த பழைய சோறும் இப்போது வேண்டாம். தயிர் தரலாமா என்று சிகிச்சை தரும் மருத்துவரிடம், வெள்ளணு எண்ணிக்கையைக் காட்டிக் கேளுங்கள்.